கிட்னி டாக்டர் ரெண்டு பேர்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

என்னை உங்களுக்குத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடா வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை குடுக்கிறவ நான். நம்ம குழுவில் இருந்துதான் அந்த வேலைக்குப் போனேன். போற வீட்டில் எல்லாம் ஒரே கேள்வி கேட்கிறாங்க. "இதுக்கு எந்த டாக்டர்கிட்ட போகணும்? போர்டுல எழுதியிருக்கிறது ஒண்ணும் விளங்கலையே?" அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். எல்லா டாக்டரையும் சொல்ல நேரம் பத்தாது. கிட்னியை எடுத்துக்கிறேன். அதுலதான் நம்ம ஆளுங்க அதிகமா வழி தவறிப் போறாங்க.

எனக்குச் சித்தி முறையில் ஒருத்தர். வயசு 56. விடியக்காலம் மல்லிகைப் பூ பறிக்கப் போறவங்க. 12 வருஷமா சுகர் இருக்கு. முழங்கால் வலின்னு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி, ரெண்டு வருஷமா தினமும் ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாங்க. போன வருஷம் கணுக்கால் வீங்க ஆரம்பிச்சது. விரலால் அமுக்கினா குழி விழுந்து, மெதுவாத்தான் மேலே வரும். காலையில் எந்திரிக்கும்போது கண்ணுக்குக் கீழேயும் வீக்கம். சிறுநீர் சோப்பு நுரை மாதிரி போகுது, நுரை சீக்கிரம் அடங்கல.

கால் வீக்கம்னதும் அவங்க போனது எலும்பு டாக்டர்கிட்ட. சுகர் இருக்குன்னு இவங்களும் சொல்லல, அவரும் கேட்கல. அங்கேயும் வலி மாத்திரைதான் எழுதிக் குடுத்தாங்க. வீக்கம் கூடுச்சு. அப்புறம் யாரோ "இது கிட்னி கோளாறா இருக்கும்"னு சொல்ல, கிட்னி படம் போட்ட ஒரு போர்டைப் பார்த்து உள்ளே போயிட்டாங்க. ஸ்கேன் எடுத்துப் பார்த்த அந்த டாக்டர், "கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. இது என் வேலை இல்லம்மா, நீங்க நெஃப்ராலஜிஸ்ட்டைப் பாருங்க"ன்னு அனுப்பிட்டார். நேர்மையான மனுஷன்தான். ஆனா சித்திக்குக் கோபம். "கிட்னி டாக்டரே கிட்னியைப் பார்க்க மாட்டேங்கிறாரு"ன்னு என்கிட்ட வந்து சண்டை போட்டாங்க.

அவங்க பார்த்தது யூராலஜிஸ்ட். நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டி, குழாய் மாதிரி நினைச்சுக்கோங்க. சிறுநீர் வர்ற குழாய், சேர்ற பை, வெளியே போற பாதை, இதுல கல், அடைப்பு, கட்டி வந்தா யூராலஜிஸ்ட். ஆம்பளைங்களுக்கு வயசான காலத்தில் புராஸ்டேட் வீங்கி சிறுநீர் சொட்டுச் சொட்டா வருதே, அதுவும் அவர்தான். தேவைப்பட்டா ஆபரேஷன் பண்ணுவார். இருமினா, தும்மினா நமக்குச் சிறுநீர் கசியுது பாருங்க, வெளியே சொல்லாம வெச்சிருக்கோமே, அதுக்கும் அவர்கிட்ட வைத்தியம் உண்டு. மகப்பேறு டாக்டர்கிட்டயும் போகலாம்.

நெஃப்ராலஜிஸ்ட் வேறே. கிட்னிக்குள்ளே ரத்தத்தைச் சுத்தம் பண்ற வடிகட்டி பழுதானா அவர். சுகர், பிரஷரால கெட்டுப்போன கிட்னி, சிறுநீர்ல புரதம் போறது, டயாலிசிஸ் எல்லாம் அவர் பக்கம். அவர் கத்தி எடுக்க மாட்டார், மருந்தாலதான் பார்ப்பார். அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீரகவியல்னு எழுதியிருக்கிறது இவர் துறை.

போர்டுல பேருக்குப் பின்னாடி இருக்கிற எழுத்தைப் பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம். எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.டி., அதுக்கு மேலே மூணு வருஷம் படிச்சு டி.எம். வாங்கியிருந்தா மருந்து வைத்தியம். எம்.எஸ்., எம்.சி.எச்.னு இருந்தா ஆபரேஷன். டி.என்.பி.னு சில பேருக்கு இருக்கும், அது ரெண்டு பக்கமும் உண்டு. அப்போ துறைப் பேரைத்தான் கேட்டுக்கணும்.

சித்தியை மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தத்தில் கிரியேட்டினின் 2.1. பொம்பளைங்களுக்கு இது ஏறக்குறைய 1.1-க்குள்ளே இருக்கணும். அந்த வயசுக்கு 2.1-ன்னா கிட்னி 100-க்கு 30-க்கும் கீழேதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சித்தி நம்பல. "எனக்கு இடுப்புல ஒரு வலி கூட இல்லையே"ன்னாங்க. கல் வந்தாத்தான் வலி உயிரை எடுக்கும். வடிகட்டி கெடுறப்போ வலியே இருக்காது. பாதிக்கு மேல கெட்ட பிறகுதான் கிரியேட்டினினே ஏற ஆரம்பிக்கும். அதனாலதான் சுகர், பிரஷர் இருக்கிறவங்க வீக்கம் வர்ற வரைக்கும் காத்திருக்காம, வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீர்ல ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் ரெண்டும் பார்க்கணும்னு நான் வீடு வீடா சொல்றேன். ஆல்புமின்தான் முதல்ல காட்டிக்கொடுக்கும்.

அந்த டாக்டரம்மா முதல்ல கேட்டது, "என்னென்ன மாத்திரை போடுறீங்க?" சித்தி முந்தானையில் முடிஞ்சு வெச்சிருந்த அட்டையை எடுத்துக் குடுத்தாங்க. டைக்ளோஃபினாக். அதுவும் ஐபுபுரூஃபனும் கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும். நல்ல கிட்னி ரெண்டு மூணு நாள் தாங்கும். சுகர்ல நொந்துபோன கிட்னி ரெண்டு வருஷம் எப்படித் தாங்கும்? அன்னைக்கே நிறுத்தச் சொன்னாங்க. வலிச்சா பாரசிட்டமால், அதுவும் அளவோட. பிரஷர் மாத்திரையை மாத்தினாங்க, உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. மூணு மாசத்தில் கிரியேட்டினின் 1.8-க்கு வந்துச்சு. அதுக்குக் கீழே இறங்காதுன்னும் சொல்லிட்டாங்க. சுகர்ல கெட்ட பாகம் கெட்டதுதான். மாத்திரையால கெட்டதுல கொஞ்சம் மீண்டிருக்கு.

வயித்துக்கும் இதே கதைதான். கேஸ்ட்ரோ என்ட்ராலஜிஸ்ட்னா இரைப்பை, குடலோட கல்லீரல், கணையத்தையும் பார்க்கிறவர். கண்ணு மஞ்சளாச்சுன்னாலும் அவர்தான். எண்டோஸ்கோப்பி குழாய் விட்டுப் பார்ப்பார். பித்தப்பையில் கல்லுன்னா எடுக்கிறது சர்ஜன். சாதாரணப் புளிச்ச ஏப்பத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், பொது மருத்துவர் போதும். சாப்பாடு தொண்டையில் அடைக்குது, மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுது, காரணமில்லாம எடை குறையுதுன்னா தள்ளிப் போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதை டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

இன்னொண்ணு. நெஞ்சு எரிச்சலோட வேர்த்துக் கொட்டுது, தாடைக்கோ கைக்கோ வலி இழுக்குது, மூச்சு வாங்குதுன்னா, கேஸ்னு சொல்லி சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. அது இதயமா இருக்கலாம். எந்த டாக்டர்னு யோசிக்கவே வேண்டாம், 108-க்குப் போன் பண்ணுங்க. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகு எந்தத் துறைன்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

மத்தபடி எங்கே போறதுன்னு தெரியலைன்னா, அரசு ஆஸ்பத்திரியில் பொது மருத்துவத்துக்கு ஓ.பி. சீட்டு போடுங்க. அங்கே பார்த்துட்டு எழுதி அனுப்புவாங்க. சித்தி முதல்லயே அப்படிப் போயிருந்தா, சுகர் இருக்கான்னு கேட்டிருப்பாங்க, சிறுநீரை டெஸ்ட் பண்ணியிருப்பாங்க. போகும்போது பழைய ரிப்போர்ட்டோட, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில் எடுத்துட்டுப் போங்க, கடையில் வாங்கினதையும் சேர்த்து.

சித்தி இன்னைக்கு வந்திருக்காங்க, அந்தக் கடைசி வரிசையில். பேரைச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அடுத்த மாசம் மறுபடி கிரியேட்டினின் பார்க்கணும். நான்தான் கூடப் போறேன்.