சென்ட் பாட்டில் அடைத்துக்கொண்டால்...

(மாதக் கூட்டத்தில் பேசியது)



வளைகுடா நாட்டிலிருந்து வீட்டுக்காரரோ தம்பியோ அனுப்பிய சென்ட் பாட்டில் பல வீடுகளில் பீரோவில் இருக்கு. விசேஷத்துக்கு எடுத்து அமுக்கினால் வராது. பாதி சென்ட் உள்ளே இருக்கும்போதே குப்பைக்குப் போகுது.

நாம் பேசுவது கண்ணாடி பாட்டிலைப் பற்றி மட்டும்தான். தகர டப்பாவில் வரும் பாடி ஸ்பிரேயில் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். அதைக் குத்தினாலும் சூடு காட்டினாலும் வெடிக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு குழுவில் அக்கா ஒருவர் கொண்டுவந்த பாட்டிலில் முக்கால்வாசி சென்ட் இருந்தது. அமுக்கும் பொத்தானை நேராக மேலே இழுத்தோம், கழன்று வந்தது. அடியில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கிட்டு இருந்தது. முகத்தை விலக்கி, அதன்மேல் மடித்த துணியை வைத்து அமுக்கினோம். துணி நனைந்தது. அப்போ பம்ப் நல்லா இருக்கு, அடைப்பு பொத்தானில்தான்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஊசியைத் தேடித்தான் கை போகும். குத்தாதீங்க. பொத்தானின் உள்ளே இருக்கும் மெல்லிய வரிகள்தான் சென்டைப் புகை மாதிரி ஆக்குது. ஓட்டை பெரிதானால் அது ஒழுகத்தான் செய்யும். பொத்தானை மட்டும் டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டோம். அப்படியும் விடவில்லை. மருந்துக் கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் அரை மணி நேரம் ஊறவைத்து, உதறிக் காயவைத்து மாட்டினோம். நாலாவது அமுக்கில் வந்தது. ஸ்பிரிட்டும் சென்டும் சட்டுன்னு தீப்பிடிக்கும்; அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீங்க. பாட்டிலையும் வெந்நீரில் வைக்காதீங்க.

துணி நனையவில்லை என்றால் கோளாறு பம்பில். பாட்டிலைச் சாய்த்து, உள் குழாயின் நுனி சென்டில் மூழ்கும்படி பிடித்து, பத்துப் பதினைந்து தடவை அமுக்குங்க. காற்று அடைத்திருந்தால் விலகிவிடும்.

அதற்கும் வராவிட்டால் திறந்தாகணும். கழுத்தைத் திருகிப் பாருங்க. மரை இருந்தால் கழன்றுவிடும். சும்மா சுற்றிக்கிட்டே இருந்தாலோ, அசையாமல் இருந்தாலோ, அலுமினியப் பட்டையைக் கழுத்தோடு மடித்து அழுத்தியிருக்காங்க என்று அர்த்தம். சிரிஞ்ச் வைத்துக் குழாய் வழியாக ஊற்றலாமா என்று கேட்டீங்க. சென்ட் மேலே மட்டும் போக உள்ளே ஒரு தடுப்பு இருக்கு, கீழே இறங்காது.

மேல் அலங்கார வளையத்தை எடுத்துவிட்டு, பாட்டிலைத் துணியில் சுற்றி நிமிர்த்திப் பிடிச்சுக்கணும். மூக்குக் குறடால் பட்டையின் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் பிரிக்கணும். நெம்பினால் கண்ணாடி தெறிக்கும். தெறித்துவிட்டால் அந்த சென்டை உடம்பில் போடாதீங்க, உள்ளே சில்லு விழுந்திருக்கும்.

பிரித்த பட்டையை மறுபடி மாட்ட முடியாது. அதற்குப் புதுப் பம்பும் தனிக் கருவியும் வேணும். ஒரு பாட்டிலுக்காக வாங்குவது வீண் செலவு. சென்டை, கழுவி நன்றாகக் காயவைத்த மரை வைத்த ஸ்பிரே பாட்டிலுக்கு மாற்றிடுங்க. இனி நிரப்புவதெல்லாம் அதிலேயே நிரப்பலாம்.