ஃபிரிட்ஜ் திருகில் உள்ள எண் டிகிரி அல்ல
(திருவேங்கடத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் மருந்து உதவி கேட்டிருந்த ஒரு வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். அந்த வீட்டு அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறார்கள். மருந்தைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டோம். மகன் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். "டப்பாவில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருக்கிறது. அதனால் 2-ல் வைத்திருக்கிறேன்" என்றார். திருகு 2-ல்தான் இருந்தது. நாங்கள் கொண்டுபோன தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது உள்ளே 12 டிகிரி இருந்தது.

அவர் மேல் குற்றமில்லை. நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஒரு கதவு ஃபிரிட்ஜில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரி அல்ல. ஃபேன் ரெகுலேட்டரில் உள்ள எண்களைப் போல அவை கூடுதல், குறைவு என்பதை மட்டுமே சொல்கின்றன. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும். திருகின் பின்னால் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அதன் நுனி ஃப்ரீசர் தகட்டை ஒட்டியிருக்கும். அந்தத் தகடு எவ்வளவு குளிர்ந்ததும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே நாம் திருகில் வைக்கிறோம். நடுத்தட்டில் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது வெயில், கதவைத் திறக்கும் தடவை, உள்ளே வைத்த பொருளின் அளவு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதனால் பக்கத்து வீட்டு 4-ம் நம் வீட்டு 4-ம் ஒன்றல்ல.

உண்மையை அறிய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரின் நுனி தண்ணீரில் மூழ்கும்படி வைத்து, நடுத்தட்டின் மத்தியில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன் திறந்து, உடனே பாருங்கள். தண்ணீர் எதற்கு? வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்த சில நொடியில் அளவு ஏறிவிடும்; மோட்டார் ஓடும்போது இறங்கும். தண்ணீர் மெதுவாகத்தான் மாறும். பாலும் குழம்பும் அப்படியே.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது சுமார் 35 டிகிரிக்கு மேல்தான் காட்டும். பூஜ்யத்துக்குக் கீழும் காட்டுகிற ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வேண்டும். உடைந்தால் ஆபத்து என்பதால் பாதரசம் உள்ளது வேண்டாம். வாங்கியதும், நொறுக்கிய ஐஸ் நிரம்பிய டம்ளரில் சிறிது தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதில் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் அது 2 கூட்டிச் சொல்கிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உணவுக்கு 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8. ஆகவே 3-லிருந்து 5-க்குள் இருந்தால் இரண்டுக்கும் சரி.

அந்த வீட்டில் திருகை 4-க்கு மாற்றினோம். மறுநாள் காலை 8 டிகிரி. 5-க்கு மாற்றினோம். அதற்கு மறுநாள் 4 டிகிரி. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பொறுத்துத்தான் பார்த்தோம். பொறுமையில்லாமல் நேரே 7-க்குத் திருப்பியிருந்தால் இன்சுலின் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது. அதனால் ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டில் வைக்காதீர்கள். கதவிலும் வேண்டாம், அங்கே சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டுதான் இடம். 12 டிகிரியில் இருந்த மருந்தைத் தொடர்ந்து போடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினோம்; அதை நாம் முடிவு செய்யக்கூடாது.

குர்பானி நாட்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். சூடு ஆறாத இறைச்சியை மொத்தமாக உள்ளே அடைத்தால் ஃபிரிட்ஜ் முழுவதும் சூடாகிவிடும். சிறு சிறு பொட்டலமாக வையுங்கள். அன்று மருந்து இருக்கும் தட்டில் டம்ளரை வைத்துப் பாருங்கள். திருகைக் கூட்டியிருந்தால், இறைச்சி உறைந்த பிறகு பழைய எண்ணுக்கே திருப்பிவிடுங்கள்.

எண்ணைக் கூட்டியும் அளவு இறங்கவில்லையா? ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாகப் படிந்திருக்கிறதா பாருங்கள்; இருந்தால் உருக்கி எடுங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். இலேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் முன்னே இழுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்து, தினமும் 2 வேளை அளவைக் குறித்து வைக்கிறார்கள். அவர்களும் திருகை நம்புவதில்லை. நமக்கு மாதம் ஒரு காலை போதும். வெயில் ஏறும் பங்குனியிலும், மழை தொடங்கும் ஐப்பசியிலும் கூடுதலாக ஒருமுறை பாருங்கள். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கு அறக்கட்டளை அலுவலகத்தில் தெர்மாமீட்டர் இரவல் தருகிறோம். 2 நாள் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.