வெள்ளம் வடிஞ்சதும் முதல்ல எந்த மெஷின்?

(கள்ளக்குறிச்சியில் சிறு அச்சக உரிமையாளர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் மழையைக் கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் இருக்கிற திருக்கோவிலூர்க்காரர்களுக்கு அந்த நாளை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

இப்போ ஒரு கேள்வி. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிஞ்சிருக்கு. கரண்ட் எப்போ வரும்னு தெரியாது. கையில் கொஞ்சம் பணம், ரெண்டு ஆள். முதலில் எதைச் சரி பண்ணுவீங்க? பெரும்பாலும் வர்ற பதில், "ஆஃப்செட் மெஷினை". விலை அதிகமான மெஷின் என்பதால் மனசு அங்கேதான் போகும். அது சரியா, தப்பா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குப் பெயர்தான் தொழில் பாதிப்பு ஆய்வு. 'பிசினஸ் இம்பேக்ட் அனாலிசிஸ்' என்பார்கள். அரைத்தாள் போதும். மெஷினின் பெயரை எழுதாதீங்க, வேலையின் பெயரை எழுதுங்க. ஒவ்வொரு வேலையும் எத்தனை நாள் நின்றால் தாங்கும் என்பதுதான் கேள்வி.

ஒரு அச்சகத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தேதி டிசம்பர் 2, திங்கட்கிழமை. கையில் நாலு வேலை இருக்கிறது.

ஒன்று, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். துக்க வீட்டுக்காரர் ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க முடியாது. ஆனால் ஒரு ஆர்டரில் கிடைப்பது சில நூறு ரூபாய்தான். ரெண்டு, பள்ளி வினாத்தாள். மதிப்பு 40 ஆயிரம். தேர்வு 9-ஆம் தேதி. மூன்று, கடைகளுக்கான தினசரி காலண்டர். மதிப்பு ஒரு லட்சத்து 20 ஆயிரம். டிசம்பர் 25-க்குள் கொடுக்கணும், புத்தாண்டு போய்விட்டால் அது வெறும் அட்டை. நாலு, தை மாசக் கல்யாணப் பத்திரிகை. மதிப்பு 80 ஆயிரம். டிசம்பர் கடைசியில் கைக்குக் கிடைத்தால் போதும்.

ரூபாயை மட்டும் பார்த்தால் காலண்டர்தான் முதலில் நிற்கும். நாளைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்.

வினாத்தாள் 7-ஆம் தேதி சனிக்கிழமை பள்ளியில் இருக்கணும். அச்சடிக்க ரெண்டு நாள், அதாவது 5, 6. அப்போ 4-ஆம் தேதி சாயங்காலத்துக்குள் அச்சடிக்கும் வசதி தயாராக இருக்க வேண்டும். இதுதான் தாங்கக்கூடிய கடைசி எல்லை. கல்வராயன்மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் அதில் இருக்கிறது என்றால், மலைப்பாதையில் மரமோ மண்ணோ விழுந்திருக்கலாம். கொண்டுபோக ஒரு நாள் கூடுதலாக விடணும். எல்லை 3-ஆம் தேதி சாயங்காலமாகி விடுகிறது. அதைத் தாண்டினால் பாதி நஷ்டம், கால் நஷ்டம் என்று கிடையாது. 40 ஆயிரமும் போகும், அடுத்த வருஷம் அந்தப் பள்ளியும் வராது.

காலண்டருக்கு அச்சு அஞ்சு நாள், தேதித்தாள் கட்டு ஒட்டி முடிக்க ரெண்டு நாள். 18-ஆம் தேதி ஆரம்பித்தாலும் 24-ல் முடிந்துவிடும். பிசகுக்கு மூணு நாள் விட்டு 14-ஆம் தேதி என்று குறி வைக்கலாம். பத்திரிகை அதே மெஷினில் இடையிலோ பின்னாலோ ஓடும்.

அஞ்சலி போஸ்டருக்கு நேரம் மிகக் குறைவு, ஆனால் மாற்று வழி உண்டு. தண்ணீர் புகாத ஊரில் இருக்கும் இன்னொரு அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். வினாத்தாளை அப்படி அனுப்ப முடியாது. அது ரகசியம், பள்ளியின் சம்மதம் வேணும். ஆக, முதல் இடம் வினாத்தாளுக்கு.

அடுத்த கேள்வி: அந்த வேலைக்கு என்னென்ன வேணும்? டைப் செய்த ஃபைல், கம்ப்யூட்டர், ரிசோ மெஷின், காய்ந்த பேப்பர், ஒரு ஆள். ஆஃப்செட் இந்தப் பட்டியலிலேயே இல்லை! ரிசோ சிங்கிள் பேஸில் ஓடும், சூடேற்றும் பகுதி கிடையாது. மெஷின்களின் பெயர்த்தகட்டில் உள்ள வாட்டைக் கூட்டிப் பார்த்துச் சின்ன ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தால் வேலை நடக்கும். ஜெனரேட்டரைக் கடைக்கு வெளியே வையுங்கள், புகை உயிரை எடுக்கும். லேசர் பிரிண்டரை அதே ஜெனரேட்டரில் சேர்க்கும்போது கவனம். சூடேறும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும்.

இந்தப் பட்டியலில் எல்லாரும் மறப்பது பேப்பரை. தரையில் அடுக்கின கட்டு அடியில் ஊறியிருக்கும். மேல் கட்டு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரக்காற்றில் ஓரம் அலை அலையாக வளைந்திருந்தால் ரிசோவில் சிக்கும். புதுக் கட்டு எத்தனை நாளில் வரும் என்று பேப்பர் கடையில் முதல் நாளே கேளுங்கள். ஃபைலும் அப்படித்தான். நேற்றுவரை டைப் செய்தது அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருந்து, அது நனைந்திருந்தால் ரெண்டு நாளில் எதுவும் நடக்காது. எத்தனை நாள் டைப்பிங்கைத் திரும்பச் செய்யத் தாங்குமோ, அத்தனை நாளுக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கணும். வினாத்தாளுக்கு அது தினமும். பூட்டுப்போட்ட பென்டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

இனி ஆஃப்செட்டுக்கு வருவோம். கணக்குப்படி அதற்கு 12 நாள் இருக்கிறது. அந்த 12 நாள்தான் மெஷினைக் காப்பாற்றப் போகிறது. அவசரத்தில் நனைந்த மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுருள் எரியும். மோட்டாரைக் கழற்றி உலர்த்தி, எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகே இணைப்பு. இன்னொரு விஷயம், லைன் அறுந்து திரும்பக் கட்டும்போது பேஸ் வரிசை மாறிப்போகலாம். மூணு பேஸும் வந்திருக்கா என்று முதலில் பாருங்கள். பிறகு பேப்பர், பிளேட் இல்லாமல் இஞ்ச் பட்டனை மட்டும் தொட்டுச் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

கடைக்குள் தண்ணீர் வராமல் கரண்ட் மட்டும் நாலு நாள் இல்லை என்றாலும் இதே பட்டியல்தான். அப்போ ஃபைலும் பேப்பரும் பத்திரம், ஜெனரேட்டர் மட்டும்தான் கேள்வி. ஆனால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோகும், மலைப்பகுதி வாடிக்கையாளரிடம் புரூஃபுக்கு ஓகே வாங்க முடியாது. புயல் அறிவிப்பு வந்த அன்றே ஓகே வாங்கி வையுங்கள். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இன்சூரன்ஸ் இருந்தால், கழுவித் துடைப்பதற்கு முன்பே தண்ணீர் நின்ற அளவு தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தப் பட்டியல் டிசம்பருக்கு மட்டும்தான் பொருந்தும். மே மாசத்தில் காலண்டரும் இருக்காது, வினாத்தாளும் இருக்காது, பள்ளிச் சேர்க்கை நோட்டீஸ் முதலில் நிற்கும். அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபரில் உட்கார்ந்து புதுசாக எழுதுங்கள். எழுதினதை போனில் படம் பிடித்து, கடையில் வேலை பார்க்கிற ரெண்டு பேருக்கும் அனுப்பி வையுங்கள். வெள்ளத்தன்று நீங்கள் கடைக்கு வர முடியாமல் போகலாம். அவர்கள் வந்தால், எதை முதலில் தூக்கி மேலே வைக்கணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கணும்.