இன்னும் 21 நாள் இருந்தது

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வில்லாபுரம்தான். "சேமிப்பைப் பத்தி நீ ஏதாவது பேசு"ன்னு சொன்னாங்க. சேமிச்ச கதை எல்லாரும் சொல்லுவீங்க. நான் சேமிச்சதை பாதியில முறிச்ச கதையைச் சொல்றேன்.

எங்க அப்பா ஊர்ல நிலத்தை வித்து, பொம்பளப் பிள்ளைகளுக்கும் பங்கு குடுத்தார். என் கைக்கு வந்தது 2 லட்சம். மகள் அப்போதான் பத்தாவது முடிச்சிருந்தா. பிளஸ் டூ முடிச்சு காலேஜ் சேரும்போது கைல இருக்கட்டும்னு கணக்குப் போட்டு, 2023 ஜூலை 10-ஆம் தேதி வங்கியில 2 வருஷத்துக்கு பிக்சட் டெபாசிட் போட்டேன். வட்டி 7 சதவீதம். முடிவுல 2,29,776 ரூபாய்னு ரசீதுலயே அடிச்சுக் குடுத்தாங்க. அந்த ரசீதைத்தான் நாம "பாண்டு"ன்னு சொல்லுவோம். அதை பீரோவுல சேலைக்கு அடியில வச்சிட்டேன்.

அடுத்த வருஷம் ஜூன் மாசம் எங்க வீட்டுக்காரரோட குட்டியானை இன்ஜின் உக்காந்துடுச்சு. வண்டி ஓடினாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். மெக்கானிக் 60,000 ஆகும்னுட்டார். வெளியில கேட்டா 5 ரூபா வட்டி. "நம்ம காசு பேங்க்ல தூங்குது, எதுக்கு வட்டிக்கு வாங்கணும்?"னு நான்தான் சொன்னேன். ஜூன் 19-ஆம் தேதி பாண்டை எடுத்துக்கிட்டுப் போனேன். கவுன்டர்ல இருந்த பிள்ளை, "முறிச்சா அரை பர்சன்ட் பிடிப்பாங்க அக்கா, பரவாயில்லையா?"ன்னு கேட்டுச்சு. அரை பர்சன்ட்தானே, போனாப் போகுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

மனசுக்குள்ள என் கணக்கு என்னன்னா, ஒரு வருஷம் ஆகப்போகுது, 7 சதவீதத்துல பதிமூவாயிரத்துக்கு மேல வட்டி சேர்ந்திருக்கும், அதுல அரை பர்சன்ட்டுக்கு ஒரு ஆயிரம் போகும், பன்னிரண்டாயிரமாவது நிக்கும். பாஸ்புக்ல பதிஞ்சு பார்த்தா வட்டி 10,070 சொச்சம்தான். தப்பாப் போட்டுட்டாங்கன்னு நினைச்சு மறுபடியும் வரிசையில நின்னேன். தப்பு இல்லை. வங்கியோட விதியே அப்படித்தான். எனக்குத்தான் தெரியலை.

அந்த விதியைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், கேளுங்க. 2 வருஷம் வைக்கிறேன்னு சொன்னதுக்குத்தான் 7 சதவீதம். பாதியில எடுத்தா, "நீ எத்தனை நாள் வச்சிருந்தியோ அத்தனை நாளுக்கு என்ன வட்டியோ அதுதான் உனக்கு"ன்னு வங்கி கணக்கைத் திருப்பிப் போடும். அதுவும் எடுக்கிற அன்னைக்கு உள்ள வட்டி கிடையாது. நாம பணம் போட்ட அன்னைக்கு அந்தந்த நாள் கணக்குக்கு என்ன வட்டி இருந்துச்சோ அது. நான் போட்ட சமயத்துல அங்க 211 நாள்லேருந்து ஒரு வருஷத்துக்குள்ளன்னா 5.75 சதவீதம். ஒரு வருஷம் முடிஞ்சு 2 வருஷத்துக்குள்ளன்னா 6.80. நான் வச்சிருந்தது 345 நாள். அதனால என் 7 முதல்ல 5.75-க்கு இறங்குச்சு. அதுக்கு அப்புறம்தான் அந்த அரை பர்சன்ட் அபராதம். மிச்சம் 5.25.

ரூபாயில சொன்னா இன்னும் நல்லாப் புரியும். 7 சதவீதத்துல 345 நாளுக்கு 13,510 ரூபாய் வந்திருக்கும். வட்டி 5.75-க்கு இறங்கினதுல அது 11,050 ஆச்சு. அபராதம் பிடிச்சதுல 10,070 ஆச்சு. அதாவது எல்லாரும் பெருசாப் பேசுற அபராதத்துல போனது 980 ரூபாய். யாரும் பேசாத அந்த வட்டி இறக்கத்துல போனது 2,460 ரூபாய். அரை பர்சன்ட்டைப் பார்த்துக்கிட்டு இருந்த நான் ஒண்ணே கால் பர்சன்ட்டைப் பார்க்கலை.

இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, ஒரு வருஷம் முடிய இன்னும் 21 நாள்தான் இருந்துச்சு. ஜூலை 10-ஆம் தேதி போய் முறிச்சிருந்தா 6.80-ல அரை போக 6.30 கிடைச்சிருக்கும். வட்டி 12,900 வந்திருக்கும். 21 நாள் பொறுக்காததுக்கு 2,830 ரூபாய் குடுத்திருக்கேன். பஸ்ல படிக்கட்டு தப்பின மாதிரிதான். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் கீழ்ப்படி வட்டிதான்.

"வண்டி நிக்குதே, 21 நாள் எப்படிப் பொறுக்கிறது?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். வண்டி நின்னா ஒரு நாளைக்கே எங்களுக்கு எவ்வளவோ நட்டம். பொறுக்க முடியாதுதான். ஆனா முறிக்காமலே பணம் வாங்க வழி இருந்துச்சு. அந்தப் பாண்டு மேலயே கடன் தருவாங்க. நகையை அடகு வைக்கிறோம் இல்லையா, அதே மாதிரி. ரசீதுக்குப் பின்னால கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, பெரும்பாலான வங்கியில 90 சதவீதம் வரைக்கும் அன்னைக்கே கிடைக்கும். ஜாமீன் கேக்க மாட்டாங்க. டெபாசிட் ரெண்டு பேர் பேர்ல இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். வட்டி, டெபாசிட்டுக்கு நமக்குத் தர்ற வட்டியை விட ஒரு சதவீதம் கூட இருக்கும், சில இடத்துல ரெண்டு.

எனக்கு 8 சதவீதம் வந்திருக்கும். நாம பேசுற வட்டிக் கணக்குல அது நூத்துக்கு மாசம் 67 பைசா. நம்ம குழுவுல உள்கடனே ஒரு ரூபா வட்டி! 60,000-க்கு 21 நாளைக்கு 276 ரூபாய் ஆகியிருக்கும். சரி, உடனே கட்ட முடியலை, ஆறு மாசம் கழிச்சு மொத்தமாக் கட்டுறேன்னு வச்சுக்கோங்க. வட்டி 2,400. ஆனா அதே ஆறு மாசமும் அந்த 60,000 டெபாசிட்ல இருந்துக்கிட்டே 7 சதவீதத்துல 2,100 சம்பாதிச்சிருக்கும். ரெண்டையும் கழிச்சா கையை விட்டுப் போறது 300 ரூபாய்தான். மிச்ச 1,40,000-மும் 7 சதவீதத்துலயே ஓடியிருக்கும்.

அந்த மிச்சம் என்ன ஆச்சுன்னும் சொல்லிடறேன், மறைக்க என்ன இருக்கு. தேவை 60,000-க்கு, ஆனா முறிச்சது முழு 2 லட்சத்தையும். மீதி சேமிப்புக் கணக்குல கிடந்துச்சு. அங்க வட்டி 3 சதவீதம்கூட இல்லை. வட்டி கிடக்கட்டும், கணக்குல காசு இருக்குன்னு தெரிஞ்சா வீட்டுல தேவை தானா முளைக்கும். ஒரு கல்யாண மொய், ஒரு மிக்ஸி, கொழுந்தனுக்குக் கைமாத்து. 2025 ஜூலையில மகள் காலேஜ் சேர்றப்போ அந்தக் கணக்குல 71,000 இருந்துச்சு. பாண்டு பீரோவுல இருந்த வரைக்கும் யாரும் என்கிட்ட மொய்க்கும் கைமாத்துக்கும் கேக்கலை. மகளுக்கு நான் இன்னும் அந்த 2,29,776-ஐச் சொல்லலை. இன்னைக்குத்தான் மைக்ல சொல்றேன்.

எங்க குழுவுல ஒரு அக்காவுக்கு இதை விட வேடிக்கை நடந்துச்சு. அவங்க ஒரு லட்சம் போட்டு, மாசாமாசம் வட்டி வாங்குற மாதிரி எழுதிக் குடுத்திருந்தாங்க. மாசம் 580 ரூபாய் வந்துக்கிட்டு இருந்துச்சு. எட்டு மாசத்துல அவசரம்னு முறிச்சாங்க. கைல வந்தது ஒரு லட்சம் இல்லை, 98,860. "போட்ட முதலையே அறுத்துட்டாங்க"ன்னு அழுதுட்டு வந்தாங்க. உக்காந்து கணக்குப் போட்டோம். எட்டு மாசத்துல அவங்க ஏற்கெனவே வாங்கினது 4,640. முறிச்சதுக்கு அப்புறம் 5.25 சதவீதத்துல அவங்களுக்கு உரிமைப்பட்டது 3,500 ரூபாய்தான். கூடுதலா வாங்கிச் செலவு பண்ணின 1,140-ஐ முதல்ல இருந்து கழிச்சிட்டாங்க. மாச வட்டி வாங்குறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க. முறிக்கிற அன்னைக்கு முதலே குறைஞ்சு வரும்.

தபால் ஆபீஸ்ல போட்டிருக்கிற அக்காமாருக்கும் ஒண்ணு. அங்க டைம் டெபாசிட் ஆறு மாசத்துக்கு முன்னால முறிக்கவே முடியாது. ஆறு மாசம் முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள முறிச்சா, சேமிப்புக் கணக்குக்குத் தர்ற 4 சதவீதம்தான். வங்கியில, போட்டு ஏழு நாளைக்குள்ள எடுத்தா வட்டியே இல்லை. வருமான வரிச் சலுகைக்காகப் போடுற அஞ்சு வருஷ டெபாசிட் இருக்கே, அதை முறிக்கவும் முடியாது, அது மேல கடனும் கிடைக்காது. அவசரத்துக்கு உதவும்னு நினைச்சு அதுல போட்டுடாதீங்க.

அப்போ முறிக்கவே கூடாதான்னா, அப்படியும் இல்லை. எடுக்கிற பணம் கிட்டத்தட்ட முழுசுமா வேணும், திருப்பிக் கட்ட வருமானமும் இல்லைன்னா முறிக்கிறதுதான் சரி. கடன் வாங்கிட்டு கட்டாம விட்டா, முடிவுத் தேதியில அசலும் வட்டியும் டெபாசிட்லயே பிடிச்சுக்குவாங்க. 5 ரூபா வட்டிக்குப் போறதுக்கு முறிக்கிறது எவ்வளவோ மேல். 60,000-க்கு 5 ரூபா வட்டின்னா ஒரு மாசத்துக்கே 3,000. நான் முறிச்சதுல தொலைச்சது மொத்தமே 3,440. அதனால முறிச்சது பெரிய பாவம்னு நான் சொல்லலை. கேக்காம முறிச்சேன், அதைத்தான் சொல்றேன்.

கவுன்டர்ல கேக்க வேண்டியது மூணே வாக்கியம். இன்னைக்கு முறிச்சா கைக்கு எவ்வளவு வரும்? அடுத்த வட்டிப் படி எந்தத் தேதியில வருது? இது மேல கடன் வாங்கினா என்ன வட்டி? முதல் கேள்விக்கு அவங்களே கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லிடுவாங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே. நம்மளத்தான் கூச்சம் தடுக்குது.

இப்போ என் டெபாசிட் ஒரே பாண்டா இல்லை. மீதி இருந்ததோட சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்து ஒரு லட்சத்தை இருபத்தஞ்சாயிரமா நாலு ரசீதாப் போட்டிருக்கேன். அவசரம்னா ஒண்ணுதான் உடையும், மூணு பிழைக்கும். ஒவ்வொண்ணோட மேலயும் ஒரு வருஷம் முடியுற தேதியை சிவப்புப் பேனாவுல எழுதி வச்சிருக்கேன். என் பையில ரெண்டு ரசீது கொண்டு வந்திருக்கேன், பார்க்கணும்னா சாப்பாட்டு நேரத்துல வாங்க. உங்க பாண்டையும் எடுத்துட்டு வந்திருந்தா தேதி போட்டுத் தர்றேன்.