"ஏன்" என்று கேட்டால் மட்டும் போதுமா?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



வகுப்பில் கேள்வி கேட்பது பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். கொஸ்லந்தைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் எடுத்த ஒரேயொரு புவியியல் பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாடம் மண்சரிவு. முதல் வருடம் என் பாடக்குறிப்பில் இருந்த கேள்விகள் இவை: மண்சரிவு என்றால் என்ன? மண்சரிவு ஏன் ஏற்படுகிறது? காரணங்கள் மூன்று தருக. பிள்ளைகள் ஒரே குரலில் "கடும் மழை, காடழிப்பு, செங்குத்துச் சரிவு" என்றார்கள். எனக்குச் சந்தோஷம். "ஏன்" என்று கேட்டுவிட்டேன், ஆகவே பிள்ளைகள் பகுப்பாய்வு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று மாலை கொப்பிகளைத் திருத்தும்போதுதான் விளங்கியது. முப்பது கொப்பியிலும் அதே மூன்று காரணம், அதே ஒழுங்கில், நான் சொன்ன அதே சொற்களில். விடையை முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் "ஏன்" என்பதும் ஞாபகக் கேள்விதான். ஐந்து பிள்ளைகளின் விடை சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால், பிழை பிள்ளைகளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

அடுத்த வருடம் 40 நிமிடப் பாடவேளையை வேறு விதமாகப் பிரித்தேன். முதல் பத்து நிமிடம் ஞாபகக் கேள்விகளே. அவற்றை இழிவாக நினைக்கக்கூடாது. மழைநீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பும், மண்ணின் பாரம் கூடும், மண்துணிக்கைகளின் பிடி தளரும் என்பது தெரியாத பிள்ளையிடம் ஆராயச் சொன்னால் அவள் ஊகிப்பாள், ஆராயமாட்டாள்.

பிறகு கரும்பலகையில் நான்கு தகவல்களை மட்டும் எழுதினேன். மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்கு முன் பல நாட்கள் மழை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சம்பவம் நடந்த நேரத்தில் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள்.

முதல் கேள்வி: "சுற்றியிருந்த மலைகளிலும் மழை பெய்ததே, இந்த மலை மட்டும் ஏன் சரிந்தது?" கொப்பியில் இருந்த மூன்று காரணமும் இதற்குப் போதவில்லை. பிள்ளைகள் இடத்துக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடத் தொடங்கினார்கள்: ஊற்று எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மண் எவ்வளவு ஆழம்.

இரண்டாவது கேள்விதான் பாடத்தின் நடு: "மலை சரிந்ததற்கான காரணமும், ஆட்கள் இறந்ததற்கான காரணமும் ஒன்றா?" இரண்டு நிரல் போட்டுக் கொப்பியில் எழுதச் சொன்னேன். மழை இடப்பக்கம் போனது. லயம் இருந்த இடம், எச்சரிக்கை, நேரம் எல்லாம் வலப்பக்கம் வந்தன. ஆட்களே இல்லாத காட்டில் அதே மலை சரிந்திருந்தால் அது அனர்த்தமாகுமா என்று ஒரு பிள்ளை தானாகவே கேட்டாள்.

இன்னொருத்தி, "சொன்னதைக் கேட்காமல் சனங்கள் இருந்ததுதான் பிழை, மிஸ்" என்றாள். முந்திய வருடமாக இருந்தால் "சரி" அல்லது "பிழை" என்று முடித்திருப்பேன். இம்முறை, "அப்படிச் சொல்ல கரும்பலகையில் என்ன ஆதாரம் இருக்கிறது? போவதென்றால் எங்கே போவது? அந்தக் காணி யாருடையது?" என்று கேட்டேன். அவளுடைய தாத்தாவும் லயத்தில் பிறந்தவர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேறு இடம் கொடுத்தார்களா என்று தெரியாமல் அப்படிச் சொல்ல ஏலாது" என்றாள். தன் முடிவைத் தானே சோதித்துப் பார்த்தாள் அல்லவா, நான் தேடியது அதைத்தான்.

அந்தக் "கொஞ்ச நேரம்" முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், மூன்று வினாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்றும் 1970களில் கண்டறிந்தார். மூன்று வினாடி கேட்கச் சின்னது, வகுப்பில் நின்று பாருங்கள், யுகம்! நான் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புகளில் அந்த மலையடியில் சொந்தங்களை இழந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். ஆகவே இந்தப் பாடத்தில் பெயர் சொல்லி எவரையும் எழுப்பமாட்டேன். முதலில் எழுதட்டும், பேச விரும்புகிறவள் பேசட்டும். முந்திய நாளே பாடம் எதைப் பற்றியது என்று சொல்லிவிடுவேன்.

கடைசி ஐந்து நிமிடம் கேள்வி கேட்பது பிள்ளைகளின் முறை. பின்வாங்கில் இருந்த ஒருத்தி, "முதன்முதலில் அந்த இடத்தில் லயம் கட்டினவர்கள் மலையைப் பார்த்தார்களா, தேயிலையை மட்டும் பார்த்தார்களா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. மணி அடித்தது. அதைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்க வேண்டாம் என்று பக்கத்தில் குறித்துவிட்டு வந்தேன். அடுத்த பாடத்தை அதிலிருந்து தொடங்கினோம்.