பெங்களூரு போன துண்டுக்கு ஒரு பில்

ஈரோட்டில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். புதிதாகத் தொழில் தொடங்கியவர் முதல் பில்லை நீட்டினால், என் கண் நேராக வரி போட்ட இடத்துக்குத்தான் போகும். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

துண்டு வாங்கி விற்கும் ஒரு பெண் அப்படித்தான் பில் புத்தகத்தோடு வந்தார். பெங்களூரு கடைக்கு 200 துண்டு, ஒன்று 90 ரூபாய், ஆக 18,000. அதற்கு 5 சதவீத வரி 900 ரூபாய் போட்டு, கடைசியில் ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைக் கழித்து 17,900 என்று எழுதியிருந்தார். தள்ளுபடியை முதலில் கழிக்க வேண்டும், நேயர்களே. மீதி 17,000. வரி அதற்குத்தான்: 850. மொத்தம் 17,850.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. வரியை மத்திய ஜி.எஸ்.டி. 450, மாநில ஜி.எஸ்.டி. 450 என்று பிரித்திருந்தார். “எப்பவும் பாதி பாதியாத்தானே அண்ணா போடுவோம்?” என்றார். நம் மாநிலத்துக்குள் விற்றால் பாதி பாதிதான். சரக்கு கர்நாடகத்துக்குப் போய்ச் சேர்கிறதே! அப்போது ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியில் முழு 850-ஐயும் போட்டு, சரக்கு சேரும் மாநிலத்தின் பெயரையும் எழுத வேண்டும். தமிழ்நாட்டு வரியை பெங்களூரு கடைக்காரர் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் அவர் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

நல்லவேளை, அந்த மாதக் கணக்கு இன்னும் தாக்கல் ஆகவில்லை. பழைய பில்லின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதச் சொன்னேன். கிழிக்கப் போனார், தடுத்தேன். பில் எண் வரிசை அறுபடக் கூடாது. ரத்தான எண்ணையும் கணக்கில் காட்ட வேண்டும். புது பில்லுக்கு அடுத்த எண் போட்டோம்.

வாங்குபவருடைய ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம். பாதியா, முழுதா என்று யோசிக்க அதுவே ஞாபகப்படுத்தும். ஆனால் முடிவு செய்வது சரக்கு போய்ச் சேரும் இடம்.

மணி ஆகிவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்கிறேன். மேலே உங்கள் பெயர், முகவரி, 15 எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி. அடுத்து வாங்குபவரின் விவரம். பிறகு சரக்கின் பெயர், எச்.எஸ்.என். எண், எத்தனை, என்ன விலை. கீழே கையெழுத்து. ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர்கள் பில்லில் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.

நாளைக்கு முதல் பில் போடப்போகிறவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பணம் நிற்காமல் வந்து சேரட்டும்.