"நீங்களே ரிசைன் பண்ணிடுங்க"ன்னு சொன்னா, கையெழுத்துக்கு முன்னாடி இதைப் படிங்க

(ஞாயிறு இரவு நம் தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய ஆன்லைன் கூட்டத்தில் பேசியது. எழுத்தில் வேண்டும் என்று பல தோழர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)



ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் நம்ம பசங்ககிட்ட பேசினா எல்லாரும் ஒரே மாதிரி கதை சொல்றாங்க. திடீர்னு காலண்டர்ல ஒரு மீட்டிங் வரும். உள்ளே போனா மேனேஜரும் எச்.ஆரும் உட்கார்ந்திருப்பாங்க. "கம்பெனி நிலைமை சரியில்ல, உங்க ரோல் இனி இல்ல. நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும், மூணு மாச சம்பளமும் தர்றோம். இல்லேன்னா டெர்மினேஷன், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அடிபடும்." அரை மணி நேரத்துல போர்ட்டல்ல அந்த பட்டனை அமுக்க வெச்சிடுவாங்க.

அந்த பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன உரிமை இருக்கு, அமுக்கினதுக்கு அப்புறம் என்ன மிஞ்சும். இன்னைக்கு பேசப்போறது அதைப் பற்றித்தான்.

முதல்ல ஒரு தவறான நம்பிக்கையைத் தூக்கிப் போட்டுடுவோம். "ஐடிக்கு தொழிலாளர் சட்டமே கிடையாது"ன்னு காலேஜ்லயே சொல்லிக் கொடுத்து அனுப்புறாங்க. அது பொய். தொழில் தகராறு சட்டத்திலிருந்து தமிழ்நாட்டில் ஐடி நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை, அவர்கள் சங்கம் வைக்கலாம் என்பது 2016லேயே தெளிவான விஷயம். அதற்கு முன்பே, 2015 ஜனவரியில், டிசிஎஸ் ஆட்குறைப்பில் வேலை இழக்க இருந்த சென்னைப் பெண் ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் போனார். நீதிமன்றம் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் கர்ப்பமாக இருந்தவர். பிறகு நிறுவனமே அந்தப் பணிநீக்கத்தைத் திரும்பப் பெற்றது.

இப்போ சட்டம் மாறியிருக்கு. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இதில் நாம் கடுமையாக எதிர்க்கும் விஷயங்கள் நிறைய. முன்பு 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும், இப்போது அது 300. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த முன் அனுமதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இந்த மூன்றுக்கு மட்டும்தான், பழைய சட்டத்திலும் அப்படித்தான். கண்ணாடிக் கட்டிடத்துல 10,000 பேர் உட்கார்ந்திருந்தாலும் ஐடி கம்பெனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதனால நமக்கு 100ஆ 300ஆ என்பது சண்டையே இல்லை. நமக்கு உதவுறது வேற மூணு பிரிவுகள்: 70, 71, 72. பழைய சட்டத்தில் 25எஃப், 25ஜி, 25எச் என்று இருந்தவை.

இதுல 71தான் யாரும் பேசாத பிரிவு. யாரை அனுப்புவது என்று அது சொல்கிறது. ஒரே வகைப் பணியில் இருப்பவர்களில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கமான முறை. அதை மீறி மூத்தவரை அனுப்பினால், அதற்கான காரணத்தை நிர்வாகம் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

"இது அநியாயமா இருக்கே, நல்லா வேலை பார்க்கும் புது ஆளை அனுப்பிட்டு, சும்மா இருக்கும் பழைய ஆளை வெச்சுக்கணுமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. இந்தக் கூட்டத்துல பாதிப் பேர் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க, இந்த விதிப்படி முதல்ல அடிபடுறது நீங்கதான். அது தெரிஞ்சேதான் சொல்றேன். சேர்ந்த தேதியை யாராலும் திருத்த முடியாது. அப்ரைசல் ரேட்டிங்கை திருத்தலாம். பெல் கர்வ்னு ஒண்ணு போட்டு, டீம்ல எல்லாரும் நல்லா செஞ்சாலும் இத்தனை பேர் கீழ வந்தே ஆகணும்னு சொல்லலாம். மகப்பேறு விடுப்பில் போய் வந்தவர், சங்கத்தில் சேர்ந்தவர், சம்பளம் அதிகமான 12 வருஷ அனுபவஸ்தர், இவங்க பேரெல்லாம் திடீர்னு அந்த கீழ் ரேட்டிங்ல எப்படி வருதுன்னு யோசிங்க. தேதிக்குப் பாரபட்சம் தெரியாது. திறமையை அளவுகோலாக வைக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லல. வெச்சா காரணத்தை எழுது, நாளைக்கு நீதிமன்றத்துல காட்டுன்னுதான் சொல்லுது.

பழைய மத்திய விதிகளில், ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்பே அந்த வகைப் பணியாளர்களின் மூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று இருந்தது. யார் எப்போ சேர்ந்தாங்கன்னு எல்லாரும் பார்த்துடலாம். எவ்வளவு எளிமையான பாதுகாப்பு பாருங்க! எந்த ஐடி கம்பெனியிலாவது இப்படி ஒரு பட்டியலை நீங்க பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

இந்தப் பிரிவுக்கு இன்னொரு பலம் இருக்கு. வெறும் நோட்டீஸ், இழப்பீடு தராதது மட்டும் குறை என்றால், நீதிமன்றங்கள் இப்போதெல்லாம் பெரும்பாலும் பணத்தோடு முடித்துவிடுகின்றன. ஆனா பிஎஸ்என்எல் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாடு காட்டியது: இளையவர்களை வைத்துக்கொண்டு மூத்தவரை அனுப்பியிருந்தால், வலுவான வேறு காரணம் இல்லாதவரை, மீண்டும் வேலையே தர வேண்டும். அது தினக்கூலிப் பணியாளர் வழக்கு, ஆனா கோட்பாடு நமக்கும் பொருந்தும். அதனால உங்க டீம்ல உங்களுக்கு அப்புறம் சேர்ந்தவங்க யாரெல்லாம் இருக்காங்கன்னு இன்னைக்கே உங்க டைரியில எழுதி வைங்க.

அடுத்து பணம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு டெஸ்டர், 2018 ஜூலையில் சேர்ந்தார், 2026 மார்ச் நடுவில் அனுப்புறாங்க. ஏழு வருஷம் எட்டு மாசம். ஆறு மாசத்துக்கு மேல் இருந்தால் அதையும் முழு வருஷமாக எடுக்கணும், அதனால எட்டு. சட்டப்படி கணக்கில் வரும் ஊதியம் மாதம் 52,000 என்று வைப்போம்.

70ஆவது பிரிவுப்படி ஒரு மாத எழுத்து நோட்டீஸ், அதிலே காரணம் இருக்கணும். நோட்டீஸ் இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம் 52,000. ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. மாதத்தை 30 நாளாக எடுத்தால் 26,000, எட்டு வருஷத்துக்கு 2,08,000. புதுச் சட்டத்தில் மறுதிறன் பயிற்சி நிதி என்று ஒன்று வந்திருக்கு, அதில் இன்னொரு 15 நாள் ஊதியம் 26,000, 45 நாளுக்குள் அவர் கணக்கில் வரணும். ஆக 2,86,000. இது போக கிராஜுட்டி: மாதத்தை 26 நாளாக வகுத்து வருஷத்துக்கு 15 நாள், அதாவது 30,000 வீதம் 2,40,000.

இப்போ எச்.ஆர். சொன்ன "மூணு மாச சம்பளம்" என்ன? 1,56,000. கிராஜுட்டியைக் காட்டி "மொத்தம் நாலு லட்சம் தர்றோம்"ன்னு சொல்வாங்க. ஆனா கிராஜுட்டி அஞ்சு வருஷம் முடிச்சவர் தானா ரிசைன் பண்ணாலும் வரும், அது அவங்க போடுற பிச்சை இல்ல. பெருந்தன்மை மாதிரி நீட்டப்படுகிற அந்தக் கவர், சட்டம் கட்டாயமாகத் தரச் சொல்வதைவிட 1,30,000 குறைவு! ரிசைன் பட்டன் எதுக்குன்னு இப்போ புரியுதா? ராஜினாமா கொடுத்தா அது ஆட்குறைப்பே இல்லை. இழப்பீடு இல்லை, மூப்பு வரிசைக் கேள்வி இல்லை. 72ஆவது பிரிவு தரும் உரிமையும் போயிடும். அதாவது, ஒரு வருஷத்துக்குள்ள அதே நிறுவனம் ஆள் எடுத்தா உங்களுக்கு வாய்ப்பும் முன்னுரிமையும் தரணும் என்பது. அந்த ஒரு வருஷ எல்லையே புதுச் சட்டம் வெச்ச வெட்டுத்தான், பழைய சட்டத்தில் அது இல்லை.

"நான் டீம் லீட், எனக்கு இது பொருந்துமா?"ன்னு சாட்டில் நிறையக் கேள்வி வந்தது. மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி ஆகமாட்டார். மேற்பார்வை வேலைக்கு மாதம் 18,000 ஊதிய வரம்பு இருக்கு. ஆனா தொழில்நுட்ப வேலைக்கு எந்தச் சம்பள வரம்பும் இல்லை. ஐடி கார்டுல என்ன போட்டிருக்குன்னு நீதிமன்றம் பார்க்காது, நீங்க முக்கியமா என்ன வேலை செய்றீங்கன்னு பார்க்கும். நாள் பூரா கோட் எழுதுறீங்க, பேருக்கு ரெண்டு பேரைப் பார்த்துக்கிறீங்க என்றால் வாதாட இடம் இருக்கு. லீவு அனுமதிக்கிறது, ரேட்டிங் போடுறது, ஆள் எடுக்கிறது இதுதான் உங்க வேலை என்றால், இந்தப் பிரிவுகளை நம்பி நிற்க முடியாது; அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கும் நோட்டீஸ் காலம்தான் கையில் இருக்கும்.

சரி, அந்த மீட்டிங்குக்கு கூப்பிட்டுட்டாங்க. அந்த அறையில எதுவும் முடிவு பண்ணாதீங்க. "எழுத்தில் கொடுங்க, படிச்சுட்டு சொல்றேன்"னு எழுந்து வாங்க. அன்னைக்கே மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் ஒரு மெயில்: இன்று இத்தனை மணிக்கு இன்னார் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார், எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, என் பணியை நீக்குவதாக இருந்தால் காரணத்தையும் மூப்புப் பட்டியலையும் எழுத்தில் தாருங்கள். அதை உங்க பெர்சனல் மெயிலுக்கும் காப்பி வைங்க. கட்டாயப்படுத்தி வாங்கின ராஜினாமா செல்லாதுன்னு பின்னாடி வாதாடலாம்தான், ஆனா கட்டாயம் நடந்ததுன்னு நிரூபிக்கிற சுமை உங்க தலைமேல விழும். அந்த நேரத்துல இந்த மெயில்தான் சாட்சி.

லேப்டாப் ஆக்சஸ் எந்த நிமிஷமும் போகும். பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், அப்ரைசல் கடிதங்கள் இவற்றை முன்கூட்டியே இறக்கி வைங்க. உங்க ஆவணங்களை மட்டும். கோட், கிளையன்ட் ஃபைல் எதையும் தொடாதீங்க, அதையே காரணமாக்கி ஒழுங்கு நடவடிக்கைன்னு கதையை மாத்திடுவாங்க. கணக்கு முடிக்கும் ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் வரணும் என்று ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்லுது, 45 நாள் ஆகும்னு சொன்னா இதைச் சொல்லுங்க.

தனியார் ஐடி நிறுவனத் தகராறு மாநிலத் தொழிலாளர் துறை பார்க்க வேண்டியது. சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கணும். சென்னையில் துறையின் தலைமையகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கு. சமரசம் 45 நாளில் முடியலேன்னா நீங்களே நேரா தீர்ப்பாயம் போகலாம், சங்கம் இல்லாவிட்டாலும் போகலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போயிடணும். முன்பு இது மூன்று வருஷமா இருந்தது, அதையும் குறைச்சிட்டாங்க.

மூப்புப் பட்டியலை ஏழு நாள் முன்பே ஊழியர்கள் பார்க்க வெளியிடணும், ஐடி நிறுவனமென்றால் உள் போர்ட்டலில் போடணும் என்று தமிழ்நாட்டு விதிகளில் சேர்க்கச் சொல்லி நம் அணி மனு தயாரிக்கிறது. ஆட்குறைப்பில் போனவர்கள் சேர்ந்த தேதி, போன தேதி, உங்களுக்குப் பின் சேர்ந்து இன்னும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், இந்த மூன்றை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்க. பெயரும் கம்பெனி பெயரும் கமென்டில் போட வேண்டாம், எச்.ஆரும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறாங்க.

#ரிசைன்_பட்டனை_அமுக்காதே